வால்நட்சத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன: நீங்கள் கேட்ட கேள்விகள்

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மேற்கு வானத்தில் தெரிந்த அந்த இரண்டு வாரமும், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்து மொட்டைமாடியில் தினமும் பத்துப் பேராவது கூடினோம். மேகம் விலகக் காத்திருந்த நேரமெல்லாம் கேள்விகள்தான். பிறகு சமூக மன்றத்தில் தமிழில் ஒரு சின்னக் கூட்டம் நடத்தியபோதும் ஏறக்குறைய அதே கேள்விகள் வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சூரியனிடம் வந்து வந்து உருகுகிற பனிக்கட்டி, இத்தனை கோடி வருஷத்தில் தீர்ந்துபோயிருக்க வேண்டாமா?

ஆமாம். வால்நட்சத்திரங்களுக்கு எங்கோ ஒரு கிடங்கு இருக்கிறது, அங்கிருந்துதான் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன என்ற முடிவே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தேக்கா சந்தையில் மீன் கடைகளைக் காலை பதினொரு மணிக்குப் பாருங்கள். மீனின் மேல் போட்ட தூள் ஐஸ் ஓரத்தில் உருகித் தட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனாலும் மீனின் மேல் ஐஸ் குறையாது. கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளிப் போடுவதை நீங்கள் பார்க்காவிட்டாலும், எங்கோ ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்துவிடும். விடிகாலையில் போட்ட ஐஸ் அதுவரை தாங்காது.

ஹேலி வால்நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1986இல் ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது அதன் கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம் என்று தெரிந்தது. சூரியனைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பரப்பில் சராசரியாகச் சில மீட்டர் பனியும் தூசியும் போய்விடுகின்றன. தாராளமாகவே ஆயிரம் சுற்று தாங்கும் என்று வைத்தாலும், 76 ஆண்டுக்கு ஒரு சுற்று என்றால் 76,000 ஆண்டுதான் ஆகிறது. சூரியக் குடும்பத்தின் வயதோ 460 கோடி ஆண்டு. முதல் நாளிலிருந்தே இந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தால் ஹேலி எப்போதோ முடிந்திருக்கும்.

வால்நட்சத்திரம் சாவதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். பீலா என்ற ஒன்று 6.6 ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1846இல் அது இரண்டாக உடைந்தது. 1852இல் இரண்டு துண்டும் தனித்தனியாக வந்தன. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. 1872இல் பூமி அதன் பாதையைக் கடந்தபோது எரிகற்கள் மட்டும் மழையாகக் கொட்டின.

சரி, கிடங்கு இருக்கிறது. ஆனால் ஏன் இரண்டு கிடங்கு?

வருகிற வால்நட்சத்திரங்களே இரண்டு விதமாக இருப்பதால்தான்.

ஒரு கூட்டம் இருபது ஆண்டுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இவற்றை வியாழன் குடும்பம் என்பார்கள். இவை கோள்கள் ஓடும் அதே தட்டையான தளத்தை ஒட்டி, பெரும்பாலும் 30 பாகைக்குள்தான் சாய்ந்திருக்கும். கோள்கள் சுற்றும் அதே திசையில்தான் சுற்றும்.

மற்றக் கூட்டம் அப்படியல்ல. ஒரு சுற்றுக்கு ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கான ஆண்டுகள். மேலிருந்து வரும், கீழிருந்து வரும், பாதிக்குப் பாதி கோள்களுக்கு எதிர்த்திசையில் வரும். நாம் பார்த்த சூச்சின்ஷான்-அட்லஸ் இந்த வகை. அதன் பாதையின் சாய்வு 139 பாகை. 90ஐத் தாண்டினாலே எதிர்த்திசை என்று பொருள்.

ஒரு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் சிலர் எப்போதும் ஒரே சாலை வழியாக வருகிறார்கள், மற்றவர்கள் எட்டுத் திசையிலிருந்தும் வருகிறார்கள் என்றால், அவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை என்று சொல்லிவிடலாம். தட்டையாக வருபவற்றின் ஊர் தட்டையான பட்டையாக இருக்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் வருபவற்றின் ஊர் நம்மைச் சுற்றி ஒரு பந்தின் தோல்போல இருக்க வேண்டும். முதலாவதைக் கைப்பர் பட்டை என்றும், இரண்டாவதை ஊர்ட் மேகம் என்றும் அழைக்கிறோம். பட்டை பற்றி ஒரு முக்கியமான திருத்தம் இருக்கிறது, அது பின்னால் வரும்.

இந்தத் தூரமெல்லாம் தலையில் ஏறவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொல்ல முடியுமா?

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 15 கோடி கிலோமீட்டர். அதை வானியல் அலகு என்பார்கள். அந்த ஓர் அலகை ஒரு மீட்டராகச் சுருக்கி, சூரியனைத் தேக்கா சந்தை வாசலில் வைத்துவிடுவோம்.

பூமி ஒரு மீட்டரில், வியாழன் ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகத்தில், நெப்டியூன் 30 மீட்டரில். கைப்பர் பட்டை 30 மீட்டரிலிருந்து சுமார் 50 மீட்டர் வரை. ஆக, பட்டையையும் சேர்த்து எல்லாம் சந்தையைச் சுற்றியே முடிந்துவிடும்.

ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எங்கேயோ தொடங்குகிறது. புதிதாக வரும் வால்நட்சத்திரங்கள் கிளம்புகிற பகுதி 20 கிலோமீட்டருக்கு அப்பால். அது கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாரு. 50 கிலோமீட்டர் என்றால் கூலாய் வந்துவிடும், மேகம் அங்கேயும் இருக்கிறது. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி எங்கே தெரியுமா? நேர்கோட்டில் அளந்தால் சிரம்பானில். வழியெல்லாம் இருட்டு.

யாரும் பார்க்காத மேகத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒரே ஒரு எண்ணைக் கவனமாகப் பார்த்ததால். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கணக்கு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஊர்ட் 1950இல் இதைச் செய்தார். அவர் கையில் இருந்தவை 19 நீண்டகால வால்நட்சத்திரங்கள் மட்டுமே, ஆனால் பாதை மிகத் துல்லியமாக அளக்கப்பட்டவை. ஒரு வால்நட்சத்திரம் நம் அருகில் இருக்கும்போது அளக்கிற பாதை அதன் சொந்தப் பாதை இல்லை. வியாழனும் சனியும் அதை ஏற்கெனவே இழுத்திருக்கும். ஆகவே கணக்கைப் பின்னோக்கி ஓட்டி, கோள்களின் இழுப்புக்கு உட்படுவதற்கு முன்பு அது எந்தப் பாதையில் இருந்தது என்று எடுக்க வேண்டும். அதைத்தான் மூலப் பாதை என்பார்கள்.

அந்த மூலப் பாதையின் சராசரித் தூரத்தை வானியல் அலகில் எடுத்து, 1ஐ அந்தத் தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏன் வகுக்க வேண்டும் என்றால், அப்படி வரும் எண் அந்த வால்நட்சத்திரம் சூரியனோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும். பெரிய எண் என்றால் இறுக்கமான கட்டு. பூஜ்யம் என்றால் கட்டு அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது வெளியே போய்க்கொண்டிருக்கிற, திரும்பி வராத பாதை.

ஊர்ட் பார்த்தது இதுதான். 19இல் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இந்த எண் 0.00005க்கும் குறைவு. அதாவது சராசரித் தூரம் 20,000 அலகுக்கு மேல். எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருந்தன, ஆனால் பூஜ்யத்தைத் தாண்டவில்லை.

குவிந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு வால்நட்சத்திரத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். அதன் எண் 0.00004 என்க. சராசரித் தூரம் 25,000 அலகு, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டு. அது உள்ளே வந்து, சூரியனைச் சுற்றி, வெளியே போகிறது. இந்த ஒரே பயணத்தில் கோள்கள், முக்கியமாக வியாழன், அதன் எண்ணைச் சராசரியாக 0.0005 அளவுக்கு மாற்றிவிடும். கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். அந்த மாற்றம் முதலில் இருந்த எண்ணைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

கூடினால் எண் 0.00054 ஆகிறது. சராசரித் தூரம் 1,850 அலகாகச் சுருங்கி, அடுத்த சுற்று 80,000 ஆண்டில் வந்துவிடும். குறைந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய், சூரியக் குடும்பத்தை விட்டே போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அது மறுபடி அந்தச் சின்னக் குவியலுக்குள் வந்து உட்காராது. பட்டுச் சேலையை ஒருமுறை துவைத்துவிட்டால் கடை மடிப்பு போய்விடும் அல்லவா, அதுபோல. மடிப்புக் கலையாமல் வருவது புதுச்சேலை. குவியலில் இருக்கிற ஒவ்வொன்றும் கோள்களுக்கு நடுவே முதல்முறையாக வருகிறது.

முதல்முறை வருபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே தொலைவிலிருந்து வருகின்றன, எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன. அப்படியானால் அந்தத் தொலைவில் கோள வடிவில் ஒரு கிடங்கு இருக்க வேண்டும். ஊர்ட் அங்கே சுமார் 10,000 கோடி இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார். இன்று நூற்றுக்கணக்கான வால்நட்சத்திரங்களுக்கு மூலப் பாதை கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குவியல் அதே இடத்தில் இருக்கிறது.

எஸ்தோனியாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஓப்பிக் 1932லேயே, வெகுதூரத்தில் வால்நட்சத்திரங்கள் சூரியனோடு ஒட்டியிருக்க முடியும் என்று எழுதியிருந்தார். அதனால் சிலர் ஓப்பிக்-ஊர்ட் மேகம் என்றே சொல்கிறார்கள். அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.

அவை வேறு நட்சத்திரத்திலிருந்து வந்திருக்கலாமே?

அப்படி வந்தால் அடையாளம் தெரியும். வெளியிலிருந்து வருவது ஏற்கெனவே ஒரு வேகத்தோடு வரும். அதன் எண் பூஜ்யத்துக்கு மிகக் கீழே இருக்கும். 2017இல் ஓமுவாமுவா, 2019இல் போரிசோவ், 2025இல் மூன்றாவதாக ஓர் அட்லஸ் என்று மூன்று விருந்தாளிகளைப் பார்த்துவிட்டோம். வட்டத்துக்கு 0, திரும்பி வராத எல்லைக்கு 1 என்று பாதையின் நீட்சியை அளப்பார்கள். போரிசோவுக்கு அது 3ஐயும் தாண்டியது. ஊர்ட்டின் குவியலில் இருப்பவை அந்த 1ஐத் தொட்டும் தொடாமலும் உள்பக்கமாக நிற்கின்றன. அவை நம்மைச் சேர்ந்தவை.

அவ்வளவு தூரத்தில் சும்மா கிடக்கிற ஒன்று எதற்காக உள்ளே வருகிறது?

அங்கே எல்லாம் மிக மெதுவாக நடக்கிறது. 50,000 அலகுத் தூரத்தில் வட்டமாகச் சுற்றுகிற ஒன்றின் வேகம் நொடிக்கு 133 மீட்டர்தான். அதே தூரத்திலிருந்து பூமியின் பாதை வரை வந்து போகும் நீண்ட பாதையில் இருப்பது, தன் கடைசி முனையில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. கீழ்த்தளத்தில் மாலைநடை போகும் தாத்தா அதைவிட வேகமாகப் போவார். அதே வால்நட்சத்திரம் நம்மைக் கடக்கும்போது நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகம்.

ஆக, உள்ளே விழ வேண்டுமானால் பக்கவாட்டு வேகம் போக வேண்டும். அதைச் செய்பவை இரண்டு. ஒன்று, பால்வெளி மண்டலத்தின் தட்டு. அதன் மொத்த ஈர்ப்பு, சூரியனையும் வால்நட்சத்திரத்தையும் சற்றே வேறுபட்ட அளவில் இழுக்கிறது. நிலவு நம் கடலில் ஓதம் எழுப்புகிற அதே வேலை. நாள்பட நாள்பட இதுதான் பெரிய காரணம். மற்றது, அருகில் கடந்துபோகும் நட்சத்திரங்கள். கிளீஸ 710 என்ற நட்சத்திரம் சுமார் 13 லட்சம் ஆண்டுகளில் மேகத்துக்குள்ளேயே புகுந்து போகும்.

இதிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது. குவியல் ஏன் 20,000 அலகில் தொடங்குகிறது, 5,000இல் ஏன் இல்லை? 5,000 அலகில் இருப்பதை ஓதம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சுற்றுக்குள் கிடைக்கிற இழுப்புப் போதாது. அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நெருங்கும். சனி, வியாழன் எல்லைக்கு வந்ததும், நம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வருமுன்பே அவை அதைத் தட்டிவிடும். 20,000 அலகுக்கு அப்பால் இருப்பதோ ஒரே சுற்றில் அந்தக் காவலைத் தாண்டிக் குதித்துவிடும். எனவே குவியல் நமக்குக் காட்டுவது மேகத்தின் வெளிப்பகுதியை. உள்பகுதியில் இன்னும் நிறைய இருக்கலாம், வழக்கமாக அது நம் வாசல்வரை வருவதில்லை.

குறுகிய காலத்தில் வருபவையும் அந்த மேகத்திலிருந்தே வந்து வியாழனிடம் மாட்டிக்கொண்டவை என்று பள்ளியில் படித்தேனே?

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். தப்பான யோசனை அல்ல, ஒவ்வொரு முறையும் வியாழன் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் பாதை சுருங்கத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போட்டபோது இரண்டு இடத்தில் இடித்தது.

முதலாவது, எண்ணிக்கை. உருகுவைச் சேர்ந்த ஹூலியோ பெர்னாண்டஸ் 1980இல், மேகத்திலிருந்து இந்த வழியில் சுருங்கி வருபவை மிகக் குறைவு, நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பட்டை இருந்தால் இந்த வேலை பல மடங்கு எளிதாக முடியும் என்று காட்டினார். இரண்டாவது, சாய்வு. மார்ட்டின் டங்கன், தாமஸ் குயின், ஸ்காட் டிரமெய்ன் மூவரும் 1988இல் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். கோள்கள் ஒரு பாதையைச் சுருக்கும்போது அதன் சாய்வைப் பெரிதாக மாற்றுவதில்லை. எல்லாத் திசையிலிருந்தும் எடுத்துப் போட்டால், சுருங்கிய பிறகும் எல்லாத் திசையிலும்தான் ஓடும். வியாழன் குடும்பமோ தட்டையாக இருக்கிறது. தட்டையாக வெளிவர வேண்டுமென்றால் தட்டையாகவே உள்ளே போயிருக்க வேண்டும்.

நான்கு ஆண்டு கழித்து, 1992 ஆகஸ்டில், டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் ஹவாயில் மௌனா கியா மலைமேல் உள்ள 2.2 மீட்டர்த் தொலைநோக்கியில் அந்தப் பட்டையின் முதல் உறுப்பினரைப் பிடித்தார்கள். 1987இல் தொடங்கிய தேடல் அது. இன்று அதன் பெயர் ஆல்பியன். புளூட்டோவை 1930லேயே கண்டுபிடித்திருந்தாலும், அது ஒரு கூட்டத்தில் ஒன்று என்பது அப்போதுதான் உறுதியானது. ஆக, இந்தக் கிடங்கு மேகத்தைப்போல அல்ல. இதை நேரிலேயே பார்த்துவிட்டோம்.

அப்படியானால் கைப்பர் பட்டையிலிருந்து வருகின்றன என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடலாமா?

இதைக் கேட்டவர் தமிழாசிரியை ஒருவர். சொல்லலாம் டீச்சர், ஆனால் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் முழுசாகிவிடும்.

பட்டையின் நடுப்பகுதியில், ஏறக்குறைய வட்டமாக ஓடுகிறவை ரொம்ப அமைதியானவை. நெப்டியூன் அவற்றின் பக்கம் போவதே இல்லை. 460 கோடி ஆண்டாக அங்கேயே இருக்கின்றன, இனியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அமைதியாக இருக்கிற கிடங்கு எப்படி அனுப்பும்? 1996இல் வேறு வகை ஒன்று கிடைத்தது. அதன் பாதை நீண்டு, ஒரு முனை நெப்டியூன் பக்கமும் மறுமுனை நூறு அலகைத் தாண்டியும் இருந்தது. இப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைச் சிதறல் வட்டு என்பார்கள். நெப்டியூன் ஒரு காலத்தில் எறிந்தவை, ஆனால் முழுவதும் வெளியே போகாமல் திரும்பத் திரும்ப அதனிடமே வருகிறவை. வியாழன் குடும்பத்துக்கு முக்கியமாக ஆள் அனுப்புவது இந்த வட்டுதான் என்று டங்கனும் ஹரால்ட் லெவிசனும் 1997இல் காட்டினார்கள்.

சிலர் சிதறல் வட்டையும் கைப்பர் பட்டையின் பகுதியாகவே எண்ணுவார்கள், சிலர் தனியாக வைப்பார்கள். அது பெயர்ச் சண்டை. நெப்டியூனோடு உறவு வைத்திருப்பவைதான் உள்ளே வருகின்றன என்பதை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் போதும்.

நெப்டியூனிலிருந்து வியாழன்வரை எப்படி வருகிறது? அப்படி வந்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா?

கைமாற்றிக் கைமாற்றித்தான். நெப்டியூன் ஒன்றை உள்பக்கம் தட்டிவிட்டால் அது யுரேனஸின் எல்லைக்குள் வரும், பிறகு சனி, பிறகு வியாழன். பாதி வழியில் வெளியே வீசப்படுபவையும் ஏராளம். இப்படி வழியில் இருப்பவற்றை சென்டார் என்பார்கள். 1977இல் கண்டுபிடித்த கைரன் முதலில் குறுங்கோள் என்றுதான் பட்டியலிடப்பட்டது. சுமார் பத்து ஆண்டு கழித்து அதைச் சுற்றி வால்நட்சத்திரத்துக்கு உரிய புகைமூட்டம் தெரிந்தது. வழியிலேயே பிடிபட்டுவிட்டது.

கடைசிக் கைமாற்றத்தை மனிதர்கள் நேரடியாகவே கவனித்திருக்கிறார்கள். பின்லாந்தைச் சேர்ந்த லீசி ஓட்டெர்மா 1943இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். எட்டு ஆண்டுக்கு ஒரு சுற்று, சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 3.4 அலகு. பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது, 1937இல்தான் அது வியாழனை நெருங்கியிருந்தது என்று தெரிந்தது. அதற்குமுன் அது வியாழனுக்கு வெளியே, 5.8 அலகுக்குக் கிட்டே வராமல், சுமார் 18 ஆண்டுச் சுற்றில் இருந்தது. அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வியாழன் அதை உள்ளே தள்ளிய சில ஆண்டுகளிலேயே ஓட்டெர்மாவின் கண்ணில் பட்டிருக்கிறது. 1963இல் மறுபடி வியாழனிடம் போனது. இந்த முறை வெளியே தள்ளப்பட்டு, 19 ஆண்டுச் சுற்றுக்குத் திரும்பிவிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் அதை யாராலும் பார்க்க முடியவில்லை.

இருபத்தாறே ஆண்டில் வந்து, இருந்து, போய்விட்டது. வியாழன் குடும்பம் என்று பெயர் வைத்திருந்தாலும் யாரும் அங்கே நிரந்தரக் குடிமக்கள் இல்லை. ரோசெட்டா விண்கலம் 2014இல் சென்ற சுரியுமோவ்-கெராசிமென்கோவும் இப்படித்தான். 1959இல் வியாழன் அதன் அண்மைத் தூரத்தை 2.7 அலகிலிருந்து 1.3 அலகுக்குக் குறைத்தது, 1969இல் கண்டுபிடித்தார்கள்.

ஹேலி எந்தக் கிடங்கைச் சேர்ந்தது?

சுற்று 76 ஆண்டு என்பதால் பட்டையைச் சேர்ந்தது என்று தோன்றும். ஆனால் அதன் சாய்வு 162 பாகை, முழுக்க எதிர்த்திசை. தட்டையான வட்டிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவருவது மிகக் கடினம். ஆகவே மேகத்திலிருந்து வந்து பல சுற்றில் சுருங்கியது என்று பெரும்பாலானவர்கள் கருதுகிறார்கள். பள்ளியில் நீங்கள் படித்த அந்தப் பழைய கதை, ஹேலி போன்றவற்றுக்குப் பொருந்துகிறது.

மேகத்தில் இருப்பவை அங்கேயே பிறந்தவையா?

இல்லை. அவ்வளவு தூரத்தில் தூசியும் பனியும் ஒன்றுசேர்ந்து உருண்டையாக முடியாத அளவுக்கு எல்லாம் அடர்த்தியற்றுக் கிடந்திருக்கும். வியாழன் முதல் நெப்டியூன் வரையான பகுதியில் உருவாகி, வளர்ந்துவந்த பெருங்கோள்களால் வெளியே வீசப்பட்டவைதான் இவை. பெரும்பாலானவை திரும்பாமலே போய்விட்டன. சரியாக வேகம் அமைந்த கொஞ்சத்தை மட்டும், திரும்பி வருமுன்பே ஓதமும் நட்சத்திரங்களும் பக்கவாட்டில் தள்ளி, கோள்களின் கைக்கு எட்டாதபடி நிறுத்திவிட்டன. அதே ஓதம்தான் பிறகு அவற்றில் சிலவற்றை உள்ளே அனுப்பவும் செய்கிறது.

இந்தக் கணக்கில் ஓட்டையே இல்லையா?

இருக்கிறது, ஊர்ட்டே அதைப் பார்த்துவிட்டார். புதிதாக வந்தவற்றில் ஏறக்குறைய பாதி, எண் கூடி, மறுபடி வர வேண்டும். அதற்கு ஏற்றபடி இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருபவை நிறையத் தெரிய வேண்டும். ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாகத்தான் தெரிகின்றன.

முதல் பயணத்திலேயே பல உடைந்துபோகின்றன, அல்லது எளிதில் ஆவியாகும் மேற்பூச்சை இழந்து மங்கிவிடுகின்றன என்பது வழக்கமான விளக்கம். 2013இல் ஐசான் என்ற புது வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றும்போதே சிதறிப்போனது நினைவிருக்கும். ஆனால் எத்தனை உடைகின்றன, எத்தனை மங்குகின்றன என்பது இன்னும் தீரவில்லை. அந்தக் கணக்குத் தீராதவரை, மேகத்தில் மொத்தம் எத்தனை என்று யார் சொன்னாலும் பத்து மடங்கு முன்பின் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் இருக்கிறது என்ற முடிவை இது அசைக்காது.

சிங்கப்பூரிலிருந்து எதைப் பார்க்கலாம்?

பட்டையிலும் வட்டிலும் இருப்பவற்றைச் சாதாரணக் கருவியில் பார்க்க முடியாது. அவை அனுப்புபவற்றைப் பார்க்கலாம். நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், சீக்கிரம் இருட்டிவிடும். சூரியனை ஒட்டித் தெரிகிற வால்நட்சத்திரத்துக்கு அது உதவும். எதிரி மேகமும் விளக்கு வெளிச்சமும்.

அக்டோபரில் நாங்கள் நான்கு மாலை வெறுங்கையோடு இறங்கினோம், இடியும் மழையும். ஐந்தாம் நாள் ஏழரை மணிக்கு மேற்கே ஒரு கை அகலத்துக்கு வானம் திறந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பைனாகுலரில், எதிர் புளோக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, விரலால் சாக்பீஸ் பொடியை மேல்நோக்கித் தேய்த்ததுபோல ஒரு கோடு. பக்கத்தில் நின்ற உயர்நிலை ஒன்று படிக்கும் பெண், "அண்ணே, இது இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்லையா?" என்று கேட்டாள். மூலப் பாதைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றேன். பைனாகுலரை அடுத்தவரிடம் கொடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

இப்போது உள்ளே வந்துகொண்டிருக்கிற ஒன்றைச் சொல்ல முடியுமா?

பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன். 2021இல் அறிவித்தார்கள். ஆனால் 2014இல் எடுத்த படங்களிலேயே அது இருந்தது. அப்போது சூரியனிலிருந்து 29 அலகில், அதாவது நெப்டியூன் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கருவின் குறுக்களவு சுமார் 120 கிலோமீட்டர், ஹேலியின் நீளத்தைப்போல எட்டு மடங்கு. நீர்ப்பனி ஆவியாக முடியாத அந்தக் குளிரிலேயே அதைச் சுற்றிப் புகைமூட்டம் தெரிந்தது, அதைவிட எளிதில் ஆவியாகும் கார்பன் மோனாக்சைடு போன்றவை கிளம்பியதால்.

2031 ஜனவரியில் அது சூரியனுக்கு மிக அருகில் வரும். அருகில் என்றால் 10.9 அலகு, சனியின் பாதைக்குச் சற்று வெளியே. நம் மொட்டைமாடியிலிருந்து தெரியாது. பெரிய தொலைநோக்கிகள் அதை முழு வழியும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். கோள்களுக்கு நடுவே நுழைகிற ஒன்றின் எண் எப்படி மாறுகிறது என்பதை அதன் விஷயத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டு மட்டும் அல்ல, நடக்க நடக்கவே அளக்கலாம்.